ஒரே தவறான விடை, வேறு வேறு மதிப்பெண்

ஒரு மின்சுற்றுக் கணக்கின் கடைசிப் பகுதிக்குச் சரியான விடை 3 வாட். இரண்டு மாணவர்கள் 12 வாட் என்று எழுதியிருக்கிறார்கள். திருத்துபவர் இருவருக்கும் கடைசி வரியில் சுழி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் இருவருக்குமே அநியாயம் நடக்கும். ஒருவர் சூத்திரத்தைச் சரியாக எழுதி, எண்ணை வர்க்கப்படுத்த வேண்டிய இடத்தில் இரண்டால் பெருக்கிவிட்டார். மற்றவர் கடைசிப் பகுதியில் ஒரு பிழையும் செய்யவில்லை. முந்தைய பகுதியில் வந்த தவறான எண்ணை இங்கே எடுத்துக்கொண்டு, செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

இந்த இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டுமானால், திருத்த உட்காரும் முன்பே ஒரு தாளில் சில முடிவுகளை எழுதி வைத்திருக்க வேண்டும். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் பிழைக்கு எவ்வளவு குறையும், குறைவது எங்கே நிற்கும் என்பவைதான் அந்த முடிவுகள். பள்ளியில் இதை ‘ஸ்டெப் மார்க்’ என்பார்கள், தேர்வுத் துறையில் விடைக்குறிப்பு என்பார்கள். அதை எப்படி எழுதுகிறார்கள் என்பதை இந்தக் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

கணக்கு இது. 9 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அகமின்தடையும் கொண்ட ஒரு மின்கல அடுக்கு. அதனுடன் 1.5 ஓம் மின்தடை தொடரில் இருக்கிறது. அதற்கடுத்து 6 ஓம், 12 ஓம் மின்தடைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கின்றன. (அ) மின்கல அடுக்கிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் எவ்வளவு? (ஆ) அதன் முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு? (இ) 12 ஓம் மின்தடையில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? (ஈ) அதே மின்தடையில் செலவாகும் திறன் எவ்வளவு? மொத்தம் 10 மதிப்பெண்.

விடை காண்பது எளிது. பக்க இணைப்பில் 1/6 + 1/12 = 1/4, ஆகவே அந்த இரண்டின் தொகுபயன் மின்தடை 4 ஓம். அதோடு 1.5, 0.5 ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் 6 ஓம். 9 வோல்ட்டை 6 ஓமால் வகுக்க 1.5 ஆம்பியர். அகமின்தடையில் இழப்பு 0.75 வோல்ட் என்பதால் முனைகளுக்கிடையே 8.25 வோல்ட். பக்க இணைப்பின் குறுக்கே 1.5 × 4 = 6 வோல்ட் இருக்கிறது, எனவே 12 ஓமில் 0.5 ஆம்பியர். திறன் 0.5 × 0.5 × 12 = 3 வாட்.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன். (அ) பகுதிக்கு நான்கு. பக்க இணைப்புச் சூத்திரத்துக்கு ஒன்று, 4 ஓம் என்ற எண்ணுக்கு ஒன்று, அகமின்தடையையும் சேர்த்த மொத்த மின்தடையால் மின்னியக்கு விசையை வகுக்க வேண்டும் என்று கண்டதற்கு ஒன்று, 1.5 ஆம்பியர் என்ற விடைக்கு ஒன்று. மற்ற மூன்று பகுதிகளுக்கும் தலா இரண்டு, அதாவது வழிக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. வழிக்கான மதிப்பெண் கிடைத்தால்தான் அதையடுத்த விடைக்கான மதிப்பெண் கிடைக்கும். தவறான வழியில் போய் தற்செயலாகச் சரியான எண் வந்து விழுந்தால் அதற்கு ஒன்றும் இல்லை.

இந்தப் பிரிவினை நான் கண்டுபிடித்ததல்ல. கேம்பிரிட்ஜ் சர்வதேசத் தேர்வுகளின் ஏ லெவல் இயற்பியல் விடைக்குறிப்புகளில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எம் என்றால் வழிக்கானது, ஏ என்றால் விடைக்கானது, பி என்றால் எதையும் சாராமல் தனித்து நிற்பது. சி என்று ஒன்று உண்டு, அதுதான் சுவாரசியமானது. மாணவர் ஒரு படியை எழுதாமல் தாண்டியிருந்தாலும், அடுத்த வரியைப் பார்த்தால் அந்தப் படி தெரியாமல் இங்கே வந்திருக்க முடியாது என்று புரிந்தால் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். நம் ஊரிலும் இதே எண்ணம் உண்டு. தமிழ்நாடு பிளஸ் டூ இயற்பியல் விடைக்குறிப்பில், கணக்கில் சூத்திரம் எழுதப்படவில்லை என்றாலும் மீதியுள்ள சரியான படிகளுக்கு மதிப்பெண் தரவேண்டும் என்ற குறிப்பு இடம்பெறுவதுண்டு.

ஆனால் மதிப்பெண்ணைப் பிரிப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கணக்கில் வரும் எண்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. பெரும்பாலான வினாத்தாள்கள் சறுக்குவது இங்கேதான்.

இதே கணக்கில் பக்க இணைப்பில் இரண்டு 2 ஓம் மின்தடைகளைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? 1/2 + 1/2 = 1. மாணவர் தலைகீழாக்க மறந்தாலும் விடை 1 ஓம், மறக்காவிட்டாலும் 1 ஓம். பிளஸ் டூ மாணவர்கள் மின்சுற்றில் அதிகம் செய்யும் பிழை இது, ஆனால் அந்த எண்களில் அது கண்ணுக்கே தெரியாது. அதேபோல, திறன் காண வேண்டிய மின்தடையில் 1 ஆம்பியர் பாயும்படி அமைத்தால் வர்க்கப்படுத்த மறந்தவரும் சரியான விடையைப் பெறுவார். 2 ஆம்பியர் பாய்ந்தால் வர்க்கமும் 4, இருமடங்கும் 4. திறனை 12 ஓமில் கேட்டதற்குக் காரணம் அதுதான். 6 ஓம் மின்தடையில் பாய்வது சரியாக 1 ஆம்பியர். அங்கே கேட்டிருந்தால் அந்தப் பிழை ஒளிந்துகொண்டிருக்கும்.

நல்ல எண்கள் என்றால் ஒவ்வொரு வழக்கமான பிழைக்கும் தனித்தனி விடை வரவேண்டும். நமது கணக்கில் (அ) பகுதியைப் பாருங்கள். தலைகீழாக்க மறந்தவர் பக்க இணைப்பின் மின்தடையை 0.25 ஓம் என்று எழுதி 4 ஆம்பியர் பெறுவார். அகமின்தடையை மறந்தவருக்கு 9/5.5, அதாவது ஏறத்தாழ 1.64 ஆம்பியர். எல்லாவற்றையும் தொடர் இணைப்பாக எண்ணிக் கூட்டியவருக்கு 9/20, அதாவது 0.45 ஆம்பியர். திருத்துபவர் விடையைப் பார்த்த உடனே பிழை எங்கே என்று ஊகித்துவிட்டு, அதை உறுதிப்படுத்த மட்டும் மேல் வரியைப் படித்தால் போதும். நூற்றுக்கணக்கான தாள் திருத்துபவருக்கு இது பெரிய உதவி. ஆகவே விடைக்குறிப்பில் சரியான விடையோடு இந்தத் தவறான விடைகளையும், ஒவ்வொன்றும் எந்தப் பிழையிலிருந்து வருகிறது என்பதையும் எழுதி வைப்பது வழக்கமாக வேண்டும். எல்லாப் பிழைகளையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. தொடக்கத்தில் சொன்ன 12 வாட் அதற்குச் சான்று, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது 4 ஆம்பியர் பெற்றவரை முழுவதும் பின்தொடரலாம். (அ) பகுதியில் சூத்திரம் சரி, 0.25 என்ற எண் தவறு, மொத்த மின்தடையில் அகமின்தடையைச் சேர்த்தது சரி, 9/2.25 = 4 என்ற வகுத்தல் சரி. எனவே நான்கில் மூன்று. (ஆ) பகுதியில் 9 − 4 × 0.5 = 7 வோல்ட் என்கிறார். சரியான விடை 8.25. ஆனால் அவரிடமிருந்த எண்ணுக்கு 7 வோல்ட்தான் சரி. எனவே இரண்டுக்கு இரண்டு.

முன் பகுதியில் செய்த பிழைக்கு அங்கேயே தண்டனை கொடுத்துவிட்டு, பின் பகுதிகளில் அந்தத் தவறான எண்ணை அவருடைய கையிருப்பாக ஏற்றுக்கொண்டு திருத்துவது என்பது இதுதான். சிபிஎஸ்இ தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் பொது அறிவுரைகளிலும், ஒரு பிழையின் தொடர் விளைவுகளுக்காக மீண்டும் மீண்டும் மதிப்பெண் குறைக்கக்கூடாது, ஒரு முறை மட்டுமே குறைக்க வேண்டும் என்று இருக்கிறது.

(இ) பகுதிக்கு வரும்போது கவனம் தேவை. சரியான எண்களை வைத்துக்கொண்டு போனால் 12 ஓமின் மின்னோட்டத்தைக் காண எந்த வழியில் போனாலும் 0.5 ஆம்பியர்தான். பக்க இணைப்பின் மின்னழுத்த வேறுபாட்டைக் கண்டு 12 ஆல் வகுக்கலாம். மொத்த மின்னோட்டத்தை 6/18 ஆல் பெருக்கியும் பெறலாம். ஆனால் நம் மாணவரின் கையில் இருப்பது தவறான எண். முதல் வழியில் போனால் 4 × 0.25 = 1 வோல்ட், அதை 12 ஆல் வகுக்க 0.083 ஆம்பியர். இரண்டாம் வழியில் போனால் 4 × 6/18 = 1.33 ஆம்பியர். இரண்டு வழியுமே சரியான வழிகள். விடைகளோ ஒன்றுக்கொன்று பதினாறு மடங்கு தள்ளி நிற்கின்றன. 0.25 ஓம் என்ற எண் அந்தச் சுற்றுக்குப் பொருந்தாதது என்பதால் வரும் வினை இது. விடைக்குறிப்பு எழுதியவர் 0.083 என்பதை மட்டும் ‘தொடர் விடை’ என்று குறித்து வைத்திருந்தால், 1.33 எழுதிய மாணவருக்கு அநியாயமாக இரண்டு மதிப்பெண் போய்விடும். தொடர் விடைகளை எழுதும்போது ஒவ்வொரு சரியான வழியிலும் ஒரு முறை கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அந்த மாணவர் (ஈ) பகுதியையும் தன் எண்ணை வைத்து ஒழுங்காகச் செய்தால் மொத்தம் பத்துக்கு ஒன்பது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான்கு விடைகளும் தவறாக இருக்கும்போது ஒன்பதா என்பார்கள். நான்கு விடைகள் தவறாக இருந்தாலும் பிழை ஒன்றுதான், அதுவும் ஒரு பின்னத்தைத் தலைகீழாக்க மறந்த பிழை. மின்னோட்டம் எப்படிப் பிரியும், மின்கலத்துக்குள் இழப்பு எப்படி வரும், திறன் எதைச் சார்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது நியாயமான மதிப்பெண் என்றே கருதுகிறேன்.

ஆனால் இந்தத் தாராளத்துக்கு எல்லை இருக்கிறது. அதை வரையறுக்காமல் விட்டால் திட்டமே கேலிக்கூத்தாகிவிடும். முன் பகுதியிலிருந்து எண்ணைத்தான் கடத்த அனுமதிக்கிறோம், தவறான இயற்பியலை அல்ல.

அகமின்தடையை மறந்து 1.64 ஆம்பியர் பெற்ற இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். (அ) பகுதியில் இருவருக்கும் நான்கில் இரண்டு, ஏனெனில் மூன்றாவது மதிப்பெண் வழிக்கானது, அது போனால் அதைச் சார்ந்த நான்காவதும் போகும். (ஆ) பகுதியில் முதல்வர் சுதாரித்துக்கொண்டு 9 − 1.64 × 0.5 = 8.18 வோல்ட் என்று எழுதுகிறார். முழு மதிப்பெண். இரண்டாமவர் 1.64 × 5.5 என்று பெருக்கி 9 வோல்ட் என்கிறார். பெருக்கல் சரிதான், முன் பகுதி எண்ணோடும் பொருந்துகிறது. ஆனாலும் அவருக்குச் சுழிதான். (ஆ) பகுதி கேட்பதே மின்கலத்துக்குள் எவ்வளவு இழப்பு என்பதைத்தான். மின்னோட்டம் பாயும்போதும் முனை மின்னழுத்தமும் மின்னியக்கு விசையும் சமம் என்று சொல்கிற விடை அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும் தொடராகக் கூட்டியவர் கதை இன்னும் தெளிவு. (அ) பகுதியில் பக்க இணைப்புக்கான இரண்டு மதிப்பெண் போகிறது, மற்ற இரண்டு கிடைக்கிறது. (ஆ) பகுதியில் 8.78 வோல்ட், முழு மதிப்பெண். (இ) பகுதியில் ‘12 ஓமிலும் அதே 0.45 ஆம்பியர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அவருடைய சுற்றில் மின்னோட்டம் பிரிவதே இல்லை, ஆகவே கணக்கிட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. செய்த பிழை அடுத்த கேள்வியையே விழுங்கிவிட்டது. இப்படி ஒரு பிழை பின்னால் வரும் வேலையை இல்லாமலாக்கினால் அங்கே மதிப்பெண் தொடராது. (ஈ) பகுதியில் வேலை இருக்கிறது, அதனால் 2.43 வாட்டுக்கு இரண்டும் உண்டு. மொத்தம் ஆறு.

இப்போது 12 வாட் எழுதிய இருவர். முதலாமவர் (இ) பகுதியில் 0.5 ஆம்பியர் என்று சரியாகக் கண்டார். (ஈ) பகுதியில் P = I²R என்று எழுதி, I² என்பதற்கு 2 × 0.5 என்று போட்டார். வழிக்கு ஒன்று உண்டு, விடைக்கு இல்லை. மொத்தம் ஒன்பது. இரண்டாமவர் மின்னோட்டத்தைப் பிரிக்கும்போது தலைகீழாகப் பிரித்தார், அதாவது பெரிய மின்தடையில் அதிக மின்னோட்டம் பாயும் என்று 1.5 × 12/18 = 1 ஆம்பியர் எழுதினார். இது இயற்பியல் பிழை, வழியும் விடையும் சேர்ந்து போகும். (ஈ) பகுதியில் 1 × 1 × 12 = 12 வாட், அவரிடமிருந்த எண்ணுக்குச் சரி, இரண்டு மதிப்பெண். மொத்தம் எட்டு. கடைசி விடையை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தால் முதலாமவருக்கு எட்டும் இரண்டாமவருக்கு ஆறும் கிடைத்திருக்கும்.

விடைக்குறிப்பில் எழுதாத வழியில் வரும் மாணவர் எப்போதும் இருப்பார். இந்தக் கணக்கைப் பக்க இணைப்புச் சூத்திரமே இல்லாமல் கிர்க்காஃப் விதிகளால் போடலாம். 6 ஓமில் பாய்வது 12 ஓமில் பாய்வதைப் போல இருமடங்கு, ஆகவே மொத்தம் மும்மடங்கு. 12 ஓமில் பாய்வதை I என்று வைத்துக்கொண்டால் 9 = 3I × 2 + 12I, எனவே I = 0.5. இவர் (இ) பகுதியின் விடையை முதலில் கண்டுவிட்டு அதிலிருந்து (அ) பகுதிக்குப் போகிறார். சூத்திரத்துக்கு ஒன்று, 4 ஓமுக்கு ஒன்று என்று குறிப்பைப் பிடித்துக்கொண்டு திருத்துபவர் இங்கே திண்டாடுவார். ஆகவே குறிப்பில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் எந்த அறிவுக்கு என்று எழுதிவிட வேண்டும். முதல் மதிப்பெண் இரு மின்தடைகளுக்கும் ஒரே மின்னழுத்த வேறுபாடு என்று கண்டதற்கு. அதை ஒருவர் சூத்திரமாகவும் காட்டலாம், சமன்பாடாகவும் காட்டலாம்.

வழி எதுவும் எழுதாமல் ‘1.5 ஆம்பியர்’ என்று விடையை மட்டும் எழுதுபவருக்கு என்ன கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு நிறைய. படிகளைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தால் அதை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். அச்சிடாத நிபந்தனைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது முறையல்ல.

அலகு விடுபட்டால் கணக்கு முழுவதற்கும் சேர்த்து அரை மதிப்பெண் குறைத்தால் போதும், நான்கு பகுதிகளிலும் நான்கு முறை வெட்ட வேண்டாம். முழுமையாக்கலில் 1.6 என்றும் 1.64 என்றும் எழுதுபவர்கள் இருப்பார்கள், அவர்களுடைய அடுத்த விடை 8.2 ஆகவும் 8.18 ஆகவும் வரும். குறிப்பில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 8.1 முதல் 8.2 வரை என்று எழுதினால் தகராறு இருக்காது. கேள்வியிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதும்போது 12 ஐ 21 என்று மாற்றி எழுதியவருக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, பிறகு 21 ஐயே அவருடைய கணக்காகக் கொண்டு திருத்தலாம்.

எவ்வளவு யோசித்து எழுதினாலும் மாணவர்கள் நம் கற்பனையை மிஞ்சுவார்கள். பக்க இணைப்பின் குறுக்கே முழு 9 வோல்ட் இருப்பதாக நினைத்து 0.75 ஆம்பியர், 6.75 வாட் என்று எழுதுபவர் வருவார். அவருக்கு (இ) பகுதியில் சுழி, (ஈ) பகுதியில் இரண்டு. இவரை முதல் வரைவில் விட்டுவிடுவது எளிது. ஆகவே ஒரு கட்டுத் தாளில் முதல் பத்தைப் பென்சிலால் திருத்திப் பார்த்து, குறிப்பில் இல்லாத பிழைகளைச் சேர்த்து, அதன் பிறகே சிவப்பு மையை எடுப்பது நல்லது. பலர் சேர்ந்து திருத்தும் இடத்தில் எல்லோரும் ஒரே சில தாள்களின் நகலைத் திருத்தி மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். ஒரு தாளுக்கு ஒருவர் எட்டும் இன்னொருவர் ஆறும் போட்டால் குறை பெரும்பாலும் குறிப்பின் வாசகத்தில் இருக்கும். திருத்தத் தொடங்கிய பிறகு குறிப்பை மாற்ற நேர்ந்தால், ஏற்கெனவே திருத்திய தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தாக வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைக் கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறலாம், மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். நகல் கைக்கு வந்ததும் கடைசி விடை சரியா தவறா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கின் முதல் பகுதியில் பிழை இருந்து, அடுத்த பகுதிகளில் அந்த எண்ணையே வைத்துப் படிகள் ஒழுங்காகப் போயிருந்தும் சுழி விழுந்திருந்தால், அந்தப் பக்கத்தை இயற்பியல் ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுவிட்டு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.